'வீசிங்' என்றே சொல்லுங்கள்

என் மகளுக்கு இருமல் வந்த பிறகுதான், திண்டுக்கல்லில் எங்கள் தெரு முழுக்க டாக்டர்கள் குடியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியவந்தது. அதுவரை அவர்களை மளிகைக் கடைக்காரர், ரயில்வேக்காரர் மனைவி, சீட்டுப் பிடிக்கிறவர் என்று தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மகளுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. என் கணவர் பூட்டுக் கடை வைத்திருந்தார். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மகள் பகலில் நன்றாகத்தான் இருப்பாள். பள்ளிக்கூடம் போவாள், சண்டை போடுவாள், வந்து சாப்பிடுவாள். இருட்டினதும் படுப்பாள். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் இருமல் ஆரம்பிக்கும். வறட்டு இருமல். சளி என்று ஒரு பொட்டு வெளியே வராது. எழுந்து உட்கார்ந்துகொண்டு இருமுவாள். சில நாள் ராத்திரி சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். இருமி ஓய்ந்து மூச்சு வாங்கும்போது அந்த மூச்சுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு சத்தம் கேட்கும். சைக்கிள் டியூபில் ஊசி ஓட்டை விழுந்தால் காற்று போகுமே, அந்த மாதிரி.

இந்தச் சத்தத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. டாக்டரைக் கண்டால் அடங்கிவிடும். எங்கள் தெருமுனையில் சாயங்கால கிளினிக் வைத்திருந்த டாக்டரிடம்தான் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே பெஞ்சில் இடம் பிடித்து, முறை வந்து, அவர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைக்கும்போது, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த பெண்ணைப் போல என் மகளின் நெஞ்சு அவ்வளவு அடக்கமாக இருக்கும்.

"நெஞ்சு கிளியரா இருக்கும்மா."

"விடியக்காலைல கேட்டீங்கன்னா தெரியும் சார். விசிலடிக்கிற மாதிரி சத்தம் வருது."

"சளி கட்டியிருக்கும்."

"இப்பதான் கிளியரா இருக்குன்னீங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறவள் நெஞ்சைப் பற்றிப் பேசலாமா என்று அந்தப் பார்வை கேட்டது. ஒரு சிவப்பு டானிக், ஒரு வெள்ளை மருந்து, ஒரு ஊசி. ஒரு வாரத்தில் இருமல் குறையும். மருந்துக்கு மரியாதை கொடுத்துக் குறைந்ததா, தானாகக் குறைந்ததா என்று யாருக்கும் தெரியாது. அடுத்த சளி பிடித்ததும் மறுபடி வரும். நான் மறுபடி போவேன். சிவப்பு டானிக் பச்சை டானிக்காக மாறும். மருத்துவத்தில் அதுதான் முன்னேற்றம்.

எங்கள் வீட்டின் தலைமை மருத்துவர் என் கணவரின் அக்கா. சேவுகம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பூந்தோட்டமும் தக்காளியும் வெங்காயமும் உள்ள குடும்பம். மாதத்தில் இரண்டு தடவையாவது பஸ் ஏறி வந்து தம்பி குடும்பத்தைப் பரிசோதித்துவிட்டுப் போவார். மகளின் இருமலை அவர் கேட்டது ஒரே ஒரு நாள்தான். காரணத்தைக் கண்டுபிடிக்க அதுவே அதிகம்.

"வாழப்பழம் குடுத்தியா?"

"நேத்து ஒண்ணு சாப்ட்டா மதினி."

"அதான். இம்புட்டுக் குளுந்த சாமானக் குடுத்துட்டு இருமுது இருமுதுன்னா?"

அன்றோடு வாழைப்பழம் வீட்டைவிட்டுப் போனது. மகள் அதற்குப் பிறகும் இருமினாள். அதனால் திராட்சை போனது. பிறகு தயிர், ஆரஞ்சு, பிரிட்ஜ் தண்ணீர், வெள்ளரிக்காய். செவ்வாய், வெள்ளித் தலைக்குளியலும் போனது. ஒவ்வொன்றும் போகப் போக இருமல் தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல வந்துகொண்டே இருந்தது. ஒருவரும் வாழைப்பழத்திடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கற்பூரவல்லி, தூதுவளை, மிளகு, நண்டுச் சாறு என்று உள்ளே போக வேண்டியவை போய்க்கொண்டிருந்தன. எதிர்வீட்டு அக்கா எதையோ காய்ச்சிய எண்ணெயைக் கொண்டுவந்து நெஞ்சில் தேய்த்து, ராத்திரி சாம்பிராணி போடச் சொன்னார். போட்டேன். புகை மண்டினால் சளி பயந்து ஓடிவிடும் என்பது அவர் கணக்கு. அன்று மகள் வழக்கத்தைவிட முன்னாலேயே எழுந்து உட்கார்ந்து இருமினாள். மறுநாள் அக்காவிடம் சொன்னேன். "சளி வெளிய வரப் பாக்குது, அதான்" என்றார். கூடினாலும் குறைந்தாலும் தோற்காத வைத்தியம் அது.

இதற்கிடையில் தெருமுனை டாக்டருக்கு என் மகள் மேல் அக்கறை வந்துவிட்டது. அடிக்கடி வருகிறாள், ஒல்லியாக இருக்கிறாள், இருமுகிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பிரைமரி காம்ப்ளக்ஸா இருக்கும்."

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒல்லியாக இருந்து இருமுகிற எந்தப் பிள்ளையும் அந்தப் பெயரிலிருந்து தப்பியதில்லை. குழந்தைகளுக்கு வருகிற காசநோயின் தொடக்கம்தான் அது, உண்மையான நோய்தான். வந்தால் மருந்து கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும் வழி உண்டு. கையில் ஊசி போட்டு வீக்கம் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று விசாரிக்க வேண்டும், எடை குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் இத்தனை சிரமத்தை எங்களுக்குக் கொடுக்க விரும்பவில்லை. நேராக மருந்தை எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம், தினமும், வெறும் வயிற்றில்.

மருந்து குடித்த முதல் நாளே மகளின் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. அவள் பாத்ரூமிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, எனக்கு மிரிண்டா வருது." அந்த வீட்டில் அதற்கு முன்னால் அவளுக்கு மிரிண்டா மறுக்கப்பட்டிருந்ததால் அவளுக்கு அதில் ஒரு திருப்தியும் இருந்தது. நிறம் மாறும் என்று டாக்டர் சொல்ல மறந்திருந்தார். நான் பதறி ஓடினேன். "மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். அது வேலை செய்தது சிறுநீரில் மட்டும்தான். இருமல் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மூன்று மாதம் அந்த மருந்து ஓடியது. காலாண்டுப் பரீட்சை லீவு வந்தது. மதினி வந்து மகளையும் என்னையும் சேவுகம்பட்டிக்கு அழைத்துப் போனார். திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற நாற்றம்தான் பிள்ளைக்கு ஆகவில்லை, கிராமத்துக் காற்றில் பத்து நாள் இருந்தால் சரியாகிவிடும் என்பது அவருடைய புதுக் கண்டுபிடிப்பு. வாழைப்பழம் அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும்.

கிராமத்துக் காற்று என்றால் என்ன என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டோம். நாங்கள் படுத்த அறையில் ஒரு மூலையில் வெங்காய மூட்டைகள். இன்னொரு மூலையில் மாட்டுக்கு வைக்கோல். படுக்கப் பழைய இலவம்பஞ்சு மெத்தை. தட்டினால் தூசி பறந்தது. கொசுவுக்கு இரண்டு சுருள் வத்தி. மகள் சாயங்காலம் முழுக்க மதினியின் பேத்திகளோடு வைக்கோல் போரில் ஏறிக் குதித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்ததும் ஒவ்வொரு தடவையும் இருமினாள். ஓடி நின்றாலும் இருமினாள். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

விடியும் நேரத்துக்கு எழுந்தவள் படுக்கவே இல்லை. இருமல் அன்று குறைவு. ஆனால் இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றிக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டாள். விலா எலும்புகளுக்கு நடுவில் சதை உள்ளே இழுத்தது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் பள்ளமானது. அந்த மெல்லிய சத்தம் அன்று மெல்லிசாக இல்லை. பக்கத்து அறையில் படுத்திருந்த மதினி எழுந்து வந்து, "பூனக்குட்டி எங்க கெடந்து கத்துது?" என்று கேட்டார்.

"பூனை இல்ல மதினி. உங்க மருமக."

மகளிடம் பேச்சுக் கொடுத்தேன். "தண்ணி... வேணாம்... அம்மா" என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு எடுத்தாள். மதினி ஓமத்தைத் தேடப் போனார். அவர் ஓமத்தைக் கண்டுபிடிப்பதற்குள் நான் மகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் அந்த ஊரில் ஓடுகிற வண்டி பூ வண்டி ஒன்றுதான். தோட்டங்களில் பறித்த மல்லிகையை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகும். டிரைவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளைப் பார்த்ததுமே கதவைத் திறந்துவிட்டார். மதினி ஓமப் பொட்டலத்தோடு ஓடிவந்து ஏறினார். பின்னால் மல்லிகை மூட்டைகள். தமிழ்நாட்டுக் கல்யாணங்களெல்லாம் மணக்கிற அந்த வாசத்தில் என் மகள் இன்னும் கொஞ்சம் மூச்சுத் திணறினாள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு வத்தலக்குண்டு போனோம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மாடியிலேயே குடியிருந்த டாக்டரம்மா எழுந்து, சேலைக்கு மேல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும். முதலில் மகளின் சட்டையைத் தூக்கி, ஸ்டெதஸ்கோப் வைக்காமல், வெறும் கண்ணால் செத்த நேரம் பார்த்தார். பிறகுதான் வைத்துக் கேட்டார். ஆக்சிஜன் கொடுத்து, நெபுலைசர் மிஷினைப் போட்டு, மகளின் முகத்தில் மாஸ்க்கை மாட்டினார். மருந்து வெள்ளைப் புகை மாதிரி போனது.

"சாம்பிராணியா?" என்று மதினி என் காதில் கேட்டார்.

புகை தீர்ந்தது. மறுபடி ஒன்று வைத்தார்கள். அது முடிவதற்குள் மகளின் தோள் இறங்கியது. கழுத்துக் குழி பள்ளமாவது நின்றது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, "பசிக்குது" என்றாள், ஒரே மூச்சில்.

டாக்டரம்மா மறுபடி நெஞ்சில் வைத்துக் கேட்டார். "சத்தம் நல்லாக் கொறஞ்சிருக்கு. மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து அது. வெறும் சளியா இருந்தா இப்படி டக்குன்னு எறங்காது" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அத்தனை மாதத்தில் என்னை யாரும் கேள்வி கேட்டதில்லை. எல்லோரும் பதில்தான் சொல்லியிருந்தார்கள்.

"இது மொத தடவையா?"

"சத்தம் இம்புட்டு வந்தது மொத தடவை. இருமல் ஒரு வருசமா இருக்கு. பிரைமரி காம்ப்ளக்ஸ்னு மூணு மாசமா மருந்து குடுக்கிறோம்."

"எப்ப வரும்?"

"விடியக்காலைல. பகல்ல இருக்காது."

"ஓடினா, சிரிச்சா, அழுதா இருமுறாளா?"

நேற்றைய வைக்கோல் போர் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. "ஆமா" என்றேன்.

"சத்தம் மூச்சை உள்ள இழுக்கும்போது வருதா, வெளிய விடும்போதா?"

"வெளிய விடும்போது."

"புகை, தூசி, வாசம் பட்டா?"

"சாம்பிராணி போட்டப்ப கூடுச்சு."

"நடுவுல இருமல் இல்லாத நாள்ல எப்படி இருக்கா? நல்லா சாப்டுறாளா, எடை ஏறுதா? திடீர்னு ஒருநா கடலை, பட்டாணி ஏதாச்சும் முழுங்கிப் பொறை ஏறி, அதுக்கப்புறம் ஆரம்பிச்சதா?"

நல்லாத்தான் இருக்கா, எடையும் ஏறுது, அப்படி எதுவும் முழுங்கவில்லை என்றேன்.

"சரி. தோல்ல சொறி, கரப்பான் இருந்ததா?"

கைக்குழந்தையில் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் இருந்தது. அதற்கும் யாரோ ஒரு பழத்தைத்தான் குற்றம் சொல்லியிருந்தார்கள்.

"குடும்பத்துல யாருக்காச்சும் இழுப்பு உண்டா? ஆஸ்துமா, அடுக்குத் தும்மல், அந்த மாதிரி?"

"காலைல எனக்குத் தும்மல் வரும்" என்றேன்.

"அப்பா பக்கம்?"

"எங்க வம்சத்துலயே கெடையாது" என்றார் மதினி. கேள்வி முடிவதற்கு முன்பே சொன்னார். டாக்டரம்மா அவரைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

ஆஸ்பத்திரிப் போனிலிருந்து என் கணவரின் கடைக்குப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லியிருந்தேன். அவர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. மகள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்.

"சின்னப் பிள்ளைல உங்களுக்கு மூச்சுத் தொந்தரவு இருந்ததா?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் படித்தார். அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஆனால் அன்று மிகவும் ஈடுபாட்டோடு படித்தார்.

"சளி இருந்துச்சுங்க" என்றார் என் கணவர்.

"சளின்னா?"

"ராத்திரில படுக்க முடியாது. சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டேதான் தூங்குவேன்."

"எத்தன வயசு வரைக்கும்?"

"அது பத்துப் பதினோரு வயசுல தானாப் போயிருச்சு" என்றார் மதினி, படத்தை விட்டுத் திரும்பாமல். "அது இழுப்பு இல்ல. அது வேற."

"என்ன வேற?"

மதினி படத்தில் அடுத்த வரிக்குப் போனார்.

எங்கள் கல்யாணப் பேச்சின்போது இந்தக் குடும்பம் தங்களுக்கு எத்தனை கிணறு இருக்கிறது என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. என் முன்பல் கொஞ்சம் எடுப்பாக இருப்பதைப் பற்றி என் அப்பாவிடமே விசாரித்திருந்தது. மாப்பிள்ளை பதினோரு வயது வரை உட்கார்ந்துகொண்டு தூங்கினார் என்பது மட்டும் எப்படியோ விட்டுப்போயிருந்தது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் இட்லியைப் பார்த்தார். ஒரு வருஷம் அவர் பக்கத்தில்தான் மகள் உட்கார்ந்து இருமினாள். தன் மாதிரியே இருமுகிறாள் என்று அவருக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லையா என்று அப்புறம் வீட்டில் கேட்டேன். "தோணுச்சு. சொன்னா நிசமாயிருமோன்னு இருந்துச்சு" என்றார். அதற்குப் பிறகு என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. கொஞ்ச நாளைக்கு.

"சிகரெட் குடிப்பீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வீட்டுல குடிக்கிறதில்லைங்க."

"சட்டைல அடிக்குதே. பிள்ளையத் தூக்கும்போது அந்தச் சட்டையோடதானே தூக்குவீங்க?"

பிறகு சொன்னார்: "எனக்கு ஆஸ்துமான்னு பலமாச் சந்தேகம் இருக்கு. ஒரு ராத்திரியப் பாத்து முடிவு சொல்லிரக் கூடாது. ஆனா திரும்பத் திரும்ப வருது, விடியக்காலைல வருது, ஓடினாச் சிரிச்சா வருது, சத்தம் வருது, குடும்பத்துல இருக்கு, விரிக்கிற மருந்துக்குக் கேக்குது. இதெல்லாம் ஒண்ணாச் சேந்தா வேற என்னன்னு யோசிக்கிறது? திண்டுக்கல்ல ஒரு குழந்தை டாக்டருக்கு எழுதித் தாரேன். அந்தப் பிரைமரி காம்ப்ளக்ஸ் மருந்தையும் அவர்ட்டக் காட்டுங்க."

ஆஸ்துமா என்ற வார்த்தையைக் கேட்டதும் மதினி எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். வெளியே நர்சைத் தவிர யாருமில்லை.

"டாக்டரம்மா, பொம்பளப் பிள்ள. அந்தப் பேர எழுதிறாதீங்க. வீசிங்னு எழுதுங்க."

"வீசிங்கிறது அந்தச் சத்தத்தோட பேருங்க. நோயோட பேரு இல்ல."

"இருக்கட்டும். சத்தம்னே எழுதுங்க."

ஆறு வயதுப் பிள்ளையின் கல்யாணம் நின்றுபோகாமல் அன்று காலை வத்தலக்குண்டில் காப்பாற்றப்பட்டது. டாக்டரம்மா எழுத வேண்டியதைத்தான் எழுதினார். ஆனால் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை அதற்கு வீசிங் என்றுதான் பெயர். வீசிங் என்றால் வந்துபோகிற விருந்தாளி. ஆஸ்துமா என்றால் குடியிருக்க வந்தவன். ஒரே ஆள்தான் இருவரும் என்று சொன்னால் சொன்னவர் மேல்தான் கோபம் வரும்.

திண்டுக்கல் குழந்தை டாக்டர் இளைஞர். மெதுவாகப் பேசுவார். அவர் மகளின் கையில் ஊசி போட்டு இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி, தடவிப் பார்த்தார், வீக்கம் இல்லை. படம் எடுத்தார், சுத்தமாக இருந்தது. "படத்துல ஆஸ்துமா தெரியாதும்மா. வேற எதுவும் இல்லைங்கிறதுதான் தெரியும்" என்றார். வீட்டில் யாருக்கும் காசநோய் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை என்பதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஆரஞ்சு மருந்தை நிறுத்தினார். மகளுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

அப்புறம் ஒரு பிளாஸ்டிக் குழாயை மகளிடம் கொடுத்தார். ஒரு பக்கம் அளவுக் கோடுகள், அதில் நகரும் முள். நன்றாக மூச்சை இழுத்து, வாயை இறுக்கி மூடி, பிறந்தநாள் மெழுகுவர்த்தி அணைப்பதுபோல ஒரே ஊதாக ஊதச் சொன்னார். முதல் தடவை எச்சில்தான் போனது. இரண்டாம் தடவை சிரித்துவிட்டாள். அவர் கோபப்படாமல் பல தடவை ஊதவைத்து, நல்லதாக வந்ததை எடுத்துக்கொண்டார். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தை ஒரு பெரிய பிளாஸ்டிக் குடுவை வழியாக இழுக்கவைத்து, வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லி, மறுபடி கூப்பிட்டு ஊதவைத்தார். முள் முன்னைவிட நன்றாகத் தள்ளிப் போய் நின்றது.

"பாத்தீங்களா. இன்னைக்கு நெஞ்சுல சத்தமே இல்ல. ஆனாலும் குழாய் சுருங்கித்தான் இருந்திருக்கு. மருந்துக்கு விரியுது."

"அப்ப ஆஸ்துமாதானா?" என்று நான் கேட்டேன்.

"அப்படித்தான் தோணுது. தினம் எடுக்கிற மருந்து ரெண்டு மாசம் குடுத்துப் பாப்போம். அதுல இருமல் நின்னுச்சுன்னா சந்தேகம் உறுதியாகும். நிக்கலேன்னா நான் வேற யோசிக்கணும்."

தான் தப்பாக இருக்கலாம் என்று சொன்ன முதல் ஆளை அன்றுதான் பார்த்தேன். அது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

வாயில் வைத்து அழுத்தி மருந்தை இழுக்கிற இரண்டு பம்புகள் கொடுத்தார். பிரவுன் பம்பு தினமும் காலையும் சாயங்காலமும். குழாய்க்குள் இருக்கிற வீக்கத்தை மெல்ல அடக்குவது. நீலப் பம்பு இழுப்பு வரும்போது மட்டும். சுருங்கினதை உடனே விரிப்பது. இரண்டையும் குடுவையில் மாட்டித்தான் இழுக்க வேண்டும். பிரவுன் இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். இதைவிடக் கஷ்டமானவற்றை எங்கள் தெரு புரிந்துகொண்டிருக்கிறது. ஆனால் பம்பு என்ற சொல் கேட்டதுமே எதிர்வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பம்பு பழகிப்போகும்மா. அப்புறம் அது இல்லாம உசுரு நிக்காது."

"டானிக் ஒரு வருசமாக் குடிச்சாளே அக்கா, அது பழகலையா?"

"அது வயித்துக்குப் போகுது. இது நெஞ்சுக்குல்ல போகுது."

நோய் நெஞ்சில்தானே இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இலவம்பஞ்சுத் தலையணை போனது. கொசுவத்தி போய் வலை வந்தது. சாம்பிராணி தெய்வங்களுக்கே போதும் என்று சாமி அறையோடு நின்றது, பிறகு அங்கேயும் நின்றது. வாழைப்பழம் திரும்பி வந்தது. என் கணவர் சிகரெட்டை விட்டுவிட்டதாக அறிவித்தார். பிறகு தெருமுனையில் விட்டார், பிறகு கடையில் விட்டார், பிறகு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் விட்டார். இப்படிப் பல இடங்களில் பல தடவை விட்டு, ஒரு வழியாக உண்மையிலேயே விட்டபோது யாரும் அதை நம்பவில்லை.

மூன்றாவது வாரத்தில் விடியக்காலை இருமல் குறைந்தது. ஒரு மாதத்தில் நின்றது. நான்தான் பழக்கதோஷத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, என்ன சத்தத்தையும் காணோமே என்று அவள் மூக்கருகே கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கை ஈரமாக இருந்ததால் விழித்துக்கொண்டு, "தூங்க விட மாட்டியா?" என்று திட்டினாள்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்த டாக்டர், சந்தேகம் உறுதி, பிரவுன் பம்பை விடாதீர்கள் என்றார். இத்தோடு கதை முடிந்திருந்தால் நாங்கள் புத்திசாலிக் குடும்பம். ஐந்தாவது மாதம் நான் ஒரு வாரம் என் தங்கை பிரசவத்துக்கு மதுரை போயிருந்தேன். என் கணவர் யோசித்துப் பார்த்தார். பிள்ளை நன்றாக இருக்கிறாள். நன்றாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கு மருந்து? யோசனைக்கு மதினியும் வந்து உறுதுணையாக இருந்தார். பிரவுன் பம்பு அலமாரிக்கு மேலே போனது. நான் திரும்பி வந்து கேட்டபோது, "நல்லாத்தானே இருக்கா" என்றார். உண்மைதான், நன்றாகத்தான் இருந்தாள். எனக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது. பார்க்கலாம் என்று விட்டேன். அடுத்த சளி பிடித்ததும் சைக்கிள் டியூப் சத்தம் வந்துவிட்டது. இந்தத் தடவை யாரும் ஓமம் தேடவில்லை. நீலப் பம்பைக் குடுவையில் மாட்டிக் கொடுத்தோம், அடங்கியது, டாக்டரிடம் போனோம்.

இளைய டாக்டர் என் கணவரைத் திட்டவில்லை. "உங்க கடைல பூட்டு போட்டிருக்கிறதாலதான் திருடன் வரல. திருடன்தான் வரலியேன்னு பூட்டைக் கழட்டிருவீங்களா?" என்று மட்டும் கேட்டார். பூட்டு வியாபாரிக்கு அது புரிந்தது. எவ்வளவு நாள், எப்போது குறைப்பது என்பதெல்லாம் தான் பார்த்துச் சொல்வதாகவும், நாங்களாக நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். அப்படித்தான் பிறகு நடந்தது. வருஷங்கள் போகப் போக மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். பனிக்காலத்தில் கூட்டுவார், கோடையில் குறைப்பார். சில வருஷம் ஒன்றுமே தேவைப்படவில்லை. ஒரு வருஷம் திரும்பத் தேவைப்பட்டது.

மதினி இந்த விஷயத்தில் தன் பங்கை மறக்கவில்லை. சேவுகம்பட்டியில் யார் வீட்டுப் பிள்ளை இருமினாலும் போய் உட்கார்ந்து, "ஓடினா இருமுதா? சிரிச்சா இருமுதா? சத்தம் உள்ள வருதா வெளிய வருதா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால், "எங்க தம்பி மகளுக்கு நாந்தான மொதல்ல கண்டுபிடிச்சேன்" என்பாராம். பூனைக்குட்டிச் சத்தத்தை முதலில் கேட்டவர் என்ற முறையில் அதில் ஒரு நியாயம் இருந்தது. கேட்டு முடித்து வத்தலக்குண்டு டாக்டரம்மாவிடம் போகச் சொல்வார். அப்படி இரண்டு மூன்று பிள்ளைகள் போய்ச் சரியாகவும் ஆனார்கள். அதனால் நானும் மறுத்துப் பேசவில்லை.

மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போட்டார்கள். குளிர், மலை, பஸ். எதிர்வீட்டு அக்கா வந்து, அனுப்பாதே என்றார். என் கணவர் ஸ்வெட்டர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வந்தார். டாக்டரிடம் கேட்டோம். போகட்டும், நீலப் பம்பு பையில் இருக்கட்டும், மலை ஏறி நடப்பதற்கு முன்னால் இழுத்துக்கொள்ளட்டும் என்றார். கிளம்புகிற அன்று காலை பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்ற அவள் வகுப்பு டீச்சரிடம் போய் எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்க ஆரம்பித்தேன்.

"அம்மா, நான் சொல்லிட்டேன். நீ வீட்டுக்குப் போ" என்றாள் மகள்.

டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாப்பாவுக்கு என்ன கம்ப்ளைண்ட்னு சொல்லுங்க. பொறுப்பு எங்களதுல்ல?"

பழக்கத்தில் "வீசிங்" என்று வாய்வரை வந்தது. அதற்குள் பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்த மகள் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி, "ஆஸ்துமா மிஸ்" என்றாள்.

சாயங்காலம் இருட்டிய பிறகு பஸ் வந்தது. நானும் என் கணவரும் செத்த நேரம் முன்பே போய் நின்றிருந்தோம். மகள் முகத்தைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஏரியில் படகில் போனதாகவும் கேரட் தின்றதாகவும் சொன்னாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் தாங்கிப் பிடிக்க அந்த டீச்சர் இறங்கினார். மலைப்பாதை வளைவு ஒவ்வொன்றிலும் வாந்தி எடுத்தாராம்.